தாத்தா பாட்டியுடன் பழைய நாள்களைப் பேசுதல்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எதைக் கவனிப்பது

மூன்று தலைமுறையினர் ஒரே வீட்டில் வாழும்போதும், பேரப்பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் இடையிலான பேச்சு பெரும்பாலும் சில கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா, கால்வலி எப்படி இருக்கிறது என்பவையே அவை. இவை நலம் விசாரிக்கும் கேள்விகள். இவற்றுக்கு ஒரு சொல்லில் விடை கிடைத்துவிடும்; பேச்சு மேற்கொண்டு வளராது. முதியவரின் கடந்த காலத்தைக் குறித்துப் பேசுவது இந்த நிலையை மாற்றக்கூடிய எளிய வழி. எனினும் அதைக் கேட்கும் முறை தவறினால் அதுவும் ஒரு சொல்லிலேயே முடிந்துவிடும். எந்த நினைவுகள் முதியவருக்கு எளிதில் எழும், எப்படிக் கேட்டால் அவை பேச்சாக மலரும், அந்தப் பேச்சில் உடல்நலம் சார்ந்து எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. பட்டாபிராம், ஆவடி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

எந்த வயது நினைவுகள் எளிதில் எழுகின்றன?

முதியவர்களிடம் வாழ்க்கை நிகழ்வுகளை நினைவுகூரச் சொன்னால், அவர்கள் சொல்பவற்றில் பெரும்பங்கு ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்தைச் சார்ந்ததாக இருப்பதை உளவியல் ஆய்வுகள் பலமுறை கண்டுள்ளன. பள்ளி, முதல் வேலை, திருமணம், முதல் குழந்தை ஆகிய ‘முதல்’ அனுபவங்கள் பலவும் அந்த ஆண்டுகளில்தான் நிகழ்கின்றன. புதியதாகவும் உணர்ச்சி கலந்ததாகவும் நிகழ்பவை ஆழமாகப் பதிகின்றன. பிற்காலத்தில் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் மேலும் உறுதிப்படுகின்றன. ஊர் விட்டு ஊர் குடிபெயர்ந்தவர்களுக்கு, குடிபெயர்ந்த ஆண்டுகளைச் சுற்றியும் நினைவுகள் செறிந்திருப்பது அறியப்பட்டுள்ளது.

ஆகவே, பேசத் தொடங்கும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா 1946இல் பிறந்தவர் எனில், அவருடைய செறிவான ஆண்டுகள் 1956 முதல் 1976 வரை. அணா மாறி, நயா பைசா வழக்கத்துக்கு வந்தபோது (1957, ஏப்ரல் 1) அவருக்குப் பத்து, பதினோரு வயது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டபோது அவர் பள்ளி மாணவர். அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தபோது அவர் இளைஞர். சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் மாறியதும், பட்டாபிராமில் இந்துக் கல்லூரி தொடங்கப்பட்டதும் 1969இல். அப்போது அவருக்கு 23 வயது. சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரையிலான தடம் மின்மயமானது 1979இல்தான். எனவே அவருடைய இளமை முழுவதும் மின்சார ரயில் இல்லாத பட்டாபிராமில், அல்லது வேறோர் ஊரில் கழிந்திருக்கிறது.

அந்த ‘வேறோர் ஊர்’ முக்கியமானது. ஆவடி, அம்பத்தூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்துப் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பலர். அவர்களிடம் பட்டாபிராமைப் பற்றி மட்டும் கேட்டால் பாதி வாழ்க்கைதான் கிடைக்கும். ‘இந்த ஊருக்கு எந்த ஆண்டு வந்தீர்கள், அதற்கு முன் எங்கே இருந்தீர்கள்?’ என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கோ வேறு மொழியோ பேசி வளர்ந்தவர் எனில், அந்த மொழிச் சொற்கள் பேச்சில் கலந்துவர இடம் கொடுங்கள்.

உட்காரும் முன் செய்ய வேண்டியவை

பேச்சு வளராமல் போவதற்கு மறதியைவிடக் காது கேளாமை அடிக்கடி காரணமாகிறது. வயது சார்ந்த செவித்திறன் குறைவில் உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. குரல் கேட்கும், சொல் தெளிவாகப் புரியாது. அந்நிலையில் முதியவர் கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு, ‘ஆமாம்’ என்று தலையசைத்துவிடுவார். தொடர்பில்லாத விடை வந்தால், முதலில் காதைத்தான் ஐயுற வேண்டும். தொலைக்காட்சியையும், இயன்றால் மின்விசிறியையும் நிறுத்துங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே அமருங்கள். கத்த வேண்டாம், கத்தும்போது குரல் மேலும் உயர்ந்து தெளிவு குறையும். குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொற்களைப் பிரித்துப் பேசினால் போதும். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் இருந்தால் அவற்றை அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

காலைச் சிற்றுண்டிக்குப் பின்னரோ, மாலைத் தேநீர் வேளையிலோ பேசுவது நல்லது. நீரிழிவு உள்ளவர்களை உணவு வேளை தாண்டி உட்காரவைக்கக் கூடாது. மறதி நோய் உள்ளவர்களுக்கு அந்தி நேரத்தில் குழப்பம் மிகலாம் என்பதால் முற்பகல் ஏற்றது. ஒரு தடவைக்கு இருபது நிமிடங்கள் போதும்.

கேள்வி எப்படி அமைய வேண்டும்?

‘உங்கள் சின்ன வயதுக் கதையைச் சொல்லுங்கள்’ என்பது மிகப் பரந்த கேள்வி. எழுபது ஆண்டுகளிலிருந்து எதை எடுப்பது என்று தெரியாமல் முதியவர் நின்றுவிடுவார். ‘அது ஞாபகம் இருக்கிறதா?’ என்பதோ தேர்வுக் கேள்வி. விடை வராவிட்டால் அவருக்கு வெட்கம் உண்டாகும். இவ்விரண்டுக்கும் மாற்றாக, கையால் தொட்ட பொருள், நடந்த வழி, அன்றாடம் செய்த செயல் ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். பள்ளிக்கு எந்த வழியாக நடந்தார்கள், வழியில் என்ன இருந்தது. வீட்டில் அரிசியைப் படியால் அளந்தார்களா. மண்ணெண்ணெய் அடுப்பு எப்போது வந்தது. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள் என்பன போன்ற கேள்விகள் ஒரு காட்சியை எழுப்பும். காட்சி எழுந்தால் அதிலிருக்கும் மனிதர்களும் தாமாகவே வருவார்கள்.

கேட்ட பின் காத்திருங்கள். முதுமையில் நினைவைத் தேடி எடுக்கும் வேகம் குறைகிறது. மனத்துக்குள் பத்து எண்ணும்வரை அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். பேச்சு பெரும்பாலும் முறிவது இந்த இடைவெளியில் இளையவர் பொறுமையிழப்பதால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டு. 17 வயதுப் பேத்தி ஒருத்தி, 1946இல் பிறந்து, 1967இல் ஆவடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த தன் தாத்தாவிடம் பேசுகிறாள்.

முதல் முயற்சி இவ்வாறு முடிகிறது:

“தாத்தா, உங்க அந்தக் காலத்துக் கதை ஏதாவது சொல்லுங்க.”

“என்னம்மா கதை இருக்கு. அந்தக் காலம் வேற.”

மறுநாள் அவள் கேள்வியை மாற்றுகிறாள்:

“தாத்தா, டேங்க் ஃபேக்டரிக்குக் காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? எதுல போவீங்க?”

“ஆறு மணிக்கெல்லாம் கிளம்பணும். சைக்கிள்தான். அம்பத்தூர்ல செய்யற ஹெர்குலிஸ் சைக்கிள்.”

“அது உங்க சைக்கிளா?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பேத்தியும் பேசாமல் இருக்கிறாள்.

“எங்க அக்கா வளையலை அடகு வச்சு வாங்கினது. அறுபத்தஞ்சுல.”

இவ்விடத்தில் அருகிலிருந்த மகன், “அறுபத்தஞ்சு இல்லப்பா, நீங்க வேலைக்குச் சேர்ந்ததே அறுபத்தேழுலதானே” என்று திருத்துகிறார். தாத்தா, “ஆமா, அறுபத்தேழோ என்னவோ” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஆண்டு சரியாகிவிட்டது, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. பேத்தி அதை மீண்டும் தொடங்குகிறாள்:

“அத்தைப் பாட்டி வளையலைத் திருப்பினீங்களா தாத்தா?”

“எங்கம்மா. திருப்பறதுக்குள்ள ஏலத்துல போயிடுச்சு.”

“அவங்க ஏதாவது சொன்னாங்களா?”

“ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் இன்னிக்கும் மனசுல நிக்குது.”

இந்த உரையாடலில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சைக்கிளைப் பற்றிய கேள்வியே அக்காவிடம் கொண்டு சென்றது. அக்காவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டாவது, ஆண்டைத் திருத்தியது தேவையற்றது. இது சான்றிதழ் சரிபார்ப்பு அன்று. நினைவில் நிகழ்வின் பொருள் உறுதியாகவும் தேதி தளர்வாகவும் இருப்பது எல்லா வயதினருக்கும் இயல்பு. ஆண்டு தேவைப்பட்டால் பிறகு வேறொருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மூன்றாவது, வருத்தம் வெளிப்பட்டபோது பேத்தி பேச்சை மாற்றவில்லை. ‘அதெல்லாம் எதற்கு இப்போது’ என்று தடுக்கவுமில்லை. அடுத்த கேள்வியையும் அந்த அக்காவைப் பற்றியே கேட்டாள்.

வருத்தமான நினைவு எழும்போது

முதியவர்கள் பழையதைப் பேசுவது ஒரு காலத்தில் மூப்பின் குறைபாடாகக் கருதப்பட்டது. 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்தார். வாழ்நாளின் பிற்பகுதியில், தீராமல் நின்ற நிகழ்வுகளை மனம் மீண்டும் எடுத்துப் பார்ப்பது இயல்பான செயல் என்றும், அது கேட்பவர் ஒருவர் முன் நடந்தால் நல்லது என்றும் அவர் விளக்கினார். மேற்கண்ட தாத்தாவுக்கு வளையல் அப்படி ஒரு தீராத கணக்கு.

ஆகவே கண் கலங்கினால் பதற வேண்டாம். ‘அழாதீங்க’ என்பதைவிட ‘அவங்க உங்களுக்காகக் கொடுத்தாங்க இல்ல, தாத்தா’ என்பது போல, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டீர்கள் என்று காட்டும் சொல் உதவும். எனினும் பேச்சை அந்த வருத்தத்திலேயே முடித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். அதே மனிதரைப் பற்றிய இலகுவான கேள்வி ஒன்றைக் கேளுங்கள். ‘அத்தைப் பாட்டி என்ன குழம்பு நல்லா வைப்பாங்க?’ என்பது போதும். பிறகு ஒரு தேநீர் கொடுத்து, சற்று நேரம் உடன் இருங்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. பழையதைப் பேசுவது எல்லாமே நன்மை தருவது அன்று. ஒரே இழப்பையோ குற்ற உணர்வையோ சுற்றிச் சுற்றிப் பேசி, ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சோர்ந்துபோகிறார் என்றால், தூண்டிக் கேட்பதை நிறுத்துங்கள். வன்முறை, குழந்தையின் மரணம் போன்றவற்றை அவராக எடுக்காதவரை நீங்கள் எடுக்க வேண்டாம். ‘அதை விடு’ என்று அவர் ஒருமுறை சொன்னால் அதுவே இறுதி விடை.

பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகியோர், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பன போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு ஆராய்ந்தனர். குடும்பக் கதைகளை அதிகம் அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாகக் காணப்பட்டது. விடைகளை மனப்பாடம் செய்வதால் இது வருவதில்லை என்று அவர்களே எச்சரித்துள்ளனர். அந்தக் கதைகளைப் பேச நேரம் ஒதுக்கும் குடும்பத்தில் வளர்வதன் அடையாளமே அந்த அறிவு. ஆகவே கேள்விப் பட்டியலை ஒரே நாளில் முடிப்பதில் பயனில்லை. வாரம் ஒருமுறை பேசுவதே நெருக்கத்தை உண்டாக்கும்.

பழையது நன்றாக நினைவிருக்கிறது என்பதால் ஏமாற வேண்டாம்

மருத்துவ நோக்கில் இப்பகுதி மிகவும் முக்கியமானது. ‘தாத்தா 1967இல் நடந்ததை அப்படியே சொல்கிறார், அவருக்கு நினைவு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று குடும்பத்தினர் கூறுவது வழக்கம். முதுமை மறதி நோய் எனப்படும் டிமென்ஷியாவின் பொதுவான வகையான அல்சைமர் நோயில் முதலில் பாதிக்கப்படுவது புதிய நினைவுகளைப் பதிக்கும் திறன். பல ஆண்டுகளுக்கு முன் பதிந்தவை நெடுங்காலம் நிலைத்திருக்கும். எனவே இளமையைத் தெளிவாகச் சொல்பவருக்கும் நோய் தொடங்கியிருக்கலாம். அவர் இன்று காலை நடந்ததை எப்படிச் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

விருப்பமான கதையை வாரந்தோறும் சொல்வது இயல்பு. ஆனால் சொல்லி முடித்த சில நிமிடங்களிலேயே, சொன்ன நினைவின்றி மீண்டும் தொடங்குவது இயல்பு அன்று. அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நாள்தோறும் சென்ற ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, ஓய்வூதியப் பணத்தை எண்ணுவதில் புதிதாகத் தடுமாறுவது, பழகிய பொருள்களின் பெயர் வராமல் ‘அது, இது’ என்பது ஆகியவை சில மாதங்களாக மிகுந்துவந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் இதே போன்ற மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழப்பம் ஏற்பட்டு, ஆள் தெரியாமல் பேசினால் அது அவசரநிலை. சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சர்க்கரை அல்லது சோடியம் குறைவு, பக்கவாதம் ஆகியவை காரணமாக இருக்கலாம். காத்திருக்காமல் 108 எண்ணை அழையுங்கள்.

மனச்சோர்வும் இந்தப் பேச்சில் வெளிப்படும். முன்பு விரும்பிச் சொன்னவற்றில் ஆர்வமின்மை, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை. ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற சொல்லைக் கதையின் பகுதியாகக் கருதிக் கடந்துவிடாதீர்கள். ‘வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவும் அன்பாகவும் கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. ‘ஆம்’ எனில் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

ஏற்கெனவே மறதி நோய் உள்ளவரிடம்

இவர்களிடமும் பழையதைப் பேசலாம். கேள்வியைவிடப் பொருள் உதவும். பழைய நிழற்படம், பித்தளைச் சொம்பு, படி, பணி அடையாள அட்டை ஆகியவற்றைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் சொல்வதைப் பின்தொடருங்கள். தவறாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். மறதி நோயில் நினைவுகூரல் முறையைப் பற்றிய ஆய்வுகளை 2018இல் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, சில பலன்கள் உண்டு என்றும், அவை சிறியவை, எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்றும் கண்டது. ஆகவே இது மருந்துக்கு மாற்று அன்று, நோயையும் நிறுத்தாது.

பதிவு செய்யும் முன்

கைப்பேசியில் பதிவு செய்ய விரும்பினால் முன்னதாகவே இசைவு பெறுங்கள். பதிவை யார் கேட்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். அடகு, கடன், குடும்பப் பிணக்கு போன்றவை உங்களை நம்பிச் சொன்னவை. அவற்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் அடுத்த முறை அவர் பேசமாட்டார். பழைய நிழற்படங்களில் உள்ளவர்களின் பெயர், உறவு, ஊர் ஆகியவற்றைக் கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறம் எழுதி வையுங்கள்.

உதவிக்கு

மறதி, மனச்சோர்வு, செவித்திறன் ஆகியவற்றுக்கான முதற்கட்டப் பரிசோதனைக்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஆவடி அரசு மருத்துவமனையையோ அணுகலாம். முதியோருக்கான சிறப்புச் சிகிச்சை, கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையில் கிடைக்கிறது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. முதியோர் உதவிக்கு எல்டர்லைன் எண் 14567. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. மருத்துவரிடம் செல்லும்போது, பேச்சின்போது நீங்கள் கவனித்தவற்றைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். அவரோடு வாரந்தோறும் பேசும் பேரனோ பேத்தியோ உடன் வந்தால், எப்போது எது மாறியது என்பதை மருத்துவர் தெளிவாக அறிய முடியும்.